பிரஷர் உள்ளவருக்குப் பல் ஊசி: அட்ரினலின் எவ்வளவு போடலாம்?

பல் பிடுங்க வரும் பிரஷர் நோயாளிகளில் பலர் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: "டாக்டர், எனக்கு பிரஷர் இருக்கு. அட்ரினலின் இல்லாத ஊசியா போடுங்க." பக்கத்து வீட்டுக்காரரோ சொந்தக்காரரோ சொல்லி அனுப்பிய எச்சரிக்கை அது. அட்ரினலின் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். அப்படியிருந்தும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் அட்ரினலின் கலந்த மருந்தையே எடுக்கிறார்கள். யாரிடம் அதை எடுக்கத் தயங்குகிறார்கள், எப்போது ஊசியே போடாமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் மரப்பு ஊசி மருந்தின் லேபிளில் இரண்டு பெயர்கள் இருக்கும்: லிக்னோகெயின் 2 சதவீதம், அட்ரினலின் 1:80,000. நரம்பை மரக்கச் செய்வது லிக்னோகெயின். ஆனால் அது தான் இறங்கிய இடத்தில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்தும் விடும். குழாய் விரிந்தால் ரத்த ஓட்டம் கூடி, மருந்தைச் சீக்கிரமே அங்கிருந்து கொண்டுபோய்விடும். வெறும் லிக்னோகெயினை மட்டும் போட்டால் பல்லின் உட்பகுதி ஐந்து முதல் பத்து நிமிடம்வரைதான் மரத்திருக்கும். அதோடு துளி அட்ரினலின் சேர்ந்தால் நுண்குழாய்கள் சுருங்கி மருந்து அங்கேயே தங்கும். மரப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கும். பல் பிடுங்கும்போது ரத்தக் கசிவும் குறையும். இந்தச் சேர்க்கை புதிதல்ல. லிக்னோகெயின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1903-ல், ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹைன்ரிஷ் பிரவுன் அன்றைய மரப்பு மருந்தான கொக்கெயினோடு அட்ரினலினைக் கலந்து அதன் பயனை விளக்கியிருக்கிறார்.

சாதா ஊசி கேட்கும் நோயாளி யோசிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. வேர் கெட்டியாக ஊன்றிய கடைவாய்ப்பல்லை ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட முடியாது. பாதி வேலையில் மரப்பு விட்டால் வலி உயிர்போகும். வலியும் பயமும் சேர்ந்தால் நோயாளியின் சொந்தச் சிறுநீரகமேல் சுரப்பிகளே அட்ரினலினை நேரடியாக ரத்தத்தில் கொட்டத் தொடங்கும். அதன் அளவு மருத்துவர் கையில் இல்லை. ஊசியில் போகும் அளவு அவர் கையில் இருக்கிறது.

அந்தச் சிறிய அளவு ரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது? அட்ரினலின் இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டும், அதனால் மேல் அளவு சற்று ஏறும். அதே வேளையில் உடல் தசைகளில் உள்ள ரத்தக் குழாய்களை அது விரிக்கும். அதனால் கீழ் அளவு பெரும்பாலும் ஏறாது, சில சமயம் லேசாக இறங்கவும் செய்யும். அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் 1964-லேயே கூடிப் பேசி, பல் ஊசியில் வழக்கமாக இருக்கும் அளவைக் கவனமாகப் போட்டால் இதய நோயாளிகளுக்கும் அது விலக்கல்ல என்று முடிவு சொன்னார்கள். பிரஷர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல் பிடுங்குவதாலேயே பிரஷர் ஏறுகிறது, அட்ரினலினால் அதற்குமேல் கூடுவது சிறிதளவே, பெரிய பாதிப்புகள் அரிது என்று அதில் தெரிந்தது. ஆனால் கட்டுப்பாடே இல்லாத பிரஷரோடு வந்தவர்களைப் பற்றிய தரவு அதில் குறைவு. மருத்துவர்கள் இன்றும் எச்சரிக்கையாக இருப்பது அவர்கள் விஷயத்தில்தான்.

இனி கணக்கு. 1:80,000 என்றால் 80,000 மி.லி. மருந்தில் 1,000 கிராம்கூட இல்லை. ஒரே ஒரு கிராம் அட்ரினலின்தான். அதன்படி ஒரு மி.லி.யில் 12.5 மைக்ரோகிராம் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு தடவைக்கு 200 மைக்ரோகிராம்வரை போகலாம் என்பது பாடநூல்கள் சொல்லும் எல்லை. இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பவருக்கு 40 மைக்ரோகிராம். பிரஷர் சரியாகக் கட்டுப்படாதவருக்கும் பலர் இந்த இரண்டாவது எல்லையையே கடைப்பிடிக்கிறார்கள். 1:80,000 மருந்தில் அது 3.2 மி.லி.; ஒரு பல்லுக்கு அநேகமாகப் போதும். போதாது என்று தோன்றினால் 1:200,000 மருந்து இருக்கிறது. அதில் ஒரு மி.லி.க்கு 5 மைக்ரோகிராம்தான் என்பதால் அதே 40 மைக்ரோகிராமுக்குள் 8 மி.லி.வரை இடம் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 58 வயது அம்மா ஒருவர், கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வந்ததும் வராததுமாகப் பார்த்தால் 172/98. பல் மருத்துவர் அந்த எண்ணை உடனே நம்புவதில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு, வலி, கத்தி கத்தரியைப் பார்த்த பயம் எல்லாம் அதில் கலந்திருக்கும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்கிறார். மறுபடி பார்த்தால் 156/92.

"காலையில மாத்திரை போட்டீங்களாம்மா?"

"வெறும் வயித்துல பல்லு பிடுங்கணும்னு நினைச்சு சாப்பிடல டாக்டர். மாத்திரையும் போடல."

இதுவும் அடிக்கடி கேட்கும் பதில். மரப்பு ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். அடுத்து, என்ன மாத்திரை என்று தெரியவேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும் பலருக்கு அதன் பெயர் தெரியாது. அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் வேலை எளிது. இந்த அம்மா கைப்பையிலிருந்து எடுத்த அட்டைகளில் ஆம்லோடிபினும் அடினலாலும் இருந்தன. இரண்டுமே இந்த ஊசிக்குத் தடையில்லை. நெஞ்சுவலி வந்ததுண்டா, சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா, இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்று மேலும் கேட்கிறார். இந்தக் கடைசிக் கேள்வி பிரஷர் எண்ணைவிட அதிகம் சொல்லும். ஏற முடிகிறவரின் இதயம் பல் பிடுங்கும் சிரமத்தையும் தாங்கும்.

160/100-க்குக் கீழே இருப்பதால் வேலை தொடங்குகிறது. தாடையின் பின்பக்க நரம்புக்கு 1.5 மி.லி., கன்னத்துப் பக்க நரம்புக்கு 0.3 மி.லி. மொத்தம் 1.8 மி.லி., அதாவது 22.5 மைக்ரோகிராம். பத்து நிமிடம் கழித்து ஈறைக் குத்திப் பார்த்தால் ஒரு பக்கம் லேசாக உணர்ச்சி இருக்கிறது. இன்னும் 1 மி.லி. சேர்க்கிறார். ஆக மொத்தம் 35 மைக்ரோகிராம், எல்லைக்குள்தான். நடுவில் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் பிரஷர் பார்த்துக் குறித்துவைக்கிறார்.

அளவு சரியாக இருந்தும் தவறு நடக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. தாடையின் பின்பக்க நரம்பை ஒட்டியே ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. ஊசி முனை குழாய்க்குள் போய்விட்டால், திசுவிலிருந்து மெல்ல மெல்லக் கலக்க வேண்டிய அட்ரினலின் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். அதனால்தான் மருந்தைத் தள்ளுவதற்கு முன் பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்துப் பார்ப்பது. ரத்தம் ஏறி வந்தால் ஊசியை நகர்த்தி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த நரம்பு ஊசியில் பத்தில் ஒரு தடவைக்கு மேலேயே ரத்தம் வருவதுண்டு. பிறகு மருந்தை ஒரு நிமிடத்துக்கு ஒரு மி.லி. என்ற நிதானத்தில் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் நோயாளிக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், தலை வலிக்கும். ரத்தத்தில் அட்ரினலின் வேகமாகச் சிதைந்துவிடுவதால் சில நிமிடங்களில் அது அடங்கும். ஆனால் அப்படி ஒருமுறை படபடத்தவர் "எனக்கு அந்த ஊசி அலர்ஜி" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு வந்தால்தான் அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும். வெறும் படபடப்பு அதில் சேராது.

மாத்திரையின் பெயரைப் பிடிவாதமாகக் கேட்பதற்கு முக்கியக் காரணம் ப்ரொப்ரனலால். பிரஷருக்கு மட்டுமின்றி ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் அதைக் கொடுக்கிறார்கள்; அதனால் "எனக்கு பிரஷரே இல்லை" என்று சொல்பவரும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். தசைகளின் ரத்தக் குழாய்களை விரிக்கும் அட்ரினலினின் வேலையை அது தடுத்துவிடும். குழாய்களைச் சுருக்கும் வேலை மட்டும் மிஞ்சும். பிரஷர் திடீரென்று ஏறி, அதை ஈடுகட்ட இதயத் துடிப்பு குறையும். அடினலால், மெட்டப்ரலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தை மட்டுமே தொடுவதால் பல் ஊசி அளவுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. ப்ரொப்ரனலால் சாப்பிடுபவருக்கு முதலில் கொஞ்சமாகப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, பிரஷரையும் நாடியையும் பார்த்தபின் மீதியைப் போடுவார்கள். அல்லது அட்ரினலின் இல்லாத மருந்துக்கு மாறுவார்கள். அந்த மருந்தையே தானாக நிறுத்திவிட்டு வருவது கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

ஓய்வெடுத்தபின்னும் 180/110-ஐத் தொட்டால் தள்ளிப்போடக்கூடிய எந்த வேலையையும் அன்று செய்வதில்லை. அட்ரினலின் இல்லாத ஊசி போட்டும் செய்வதில்லை; அந்த நிலையில் பயமும் வலியுமே பிரஷரை ஏற்றப் போதும். வலிக்கு மாத்திரையும், சீழ் இருந்தால் அதற்கான சிகிச்சையும் கொடுத்துப் பொதுமருத்துவரிடம் அனுப்புவார்கள். கூடவே நெஞ்சுவலி, கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் நேராக மருத்துவமனைக்கு. நாக்குக்கடியில் நிஃபெடிபின் கேப்சூலை உடைத்து ஊற்றி எண்ணைச் சட்டென இறக்கிவிட்டு வேலையை முடித்துவிடும் பழக்கம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அப்படி இறக்கியதில் மாரடைப்பும் பக்கவாதமும் வந்தவர்களைக் காட்டி, 1996-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கட்டுரை அதை நிறுத்தச் சொன்னது. இப்போது பல் மருத்துவர் அன்றைய இரண்டு அளவுகளையும் நேரத்தோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். பொதுமருத்துவர் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ மாற்றவோ செய்தபின், சில நாட்களில் நோயாளி அதே பல்லுக்குத் திரும்பி வருகிறார்.