மெல்லிய கைபேசி ஏன் கொதிக்கிறது?

என் மனைவி ஞாயிறுதோறும் கும்பகோணத்திலுள்ள தன் அக்காவுடன் வீடியோ காலில் ஒரு மணி நேரமாவது பேசுவாள். சென்ற மே மாதம் நாக்பூர் வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்கு, இருபதே நிமிடத்தில் திரை மங்கி, அக்காவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, அழைப்பு நின்றுவிட்டது. எழுபத்தெட்டு வயது அக்கா பயந்துபோனார். கடைக்காரப் பையனோ, "வேப்பர் சேம்பர் வைத்த புது மாடல் வாங்குங்க சார், சூடே ஆகாது" என்றான். முப்பது வருடங்களுக்கு மேல் ரயில் எஞ்சின் ரேடியேட்டர்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்தப் பேச்சு உறுத்தியது.

வேப்பர் சேம்பர் என்பது அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத, தட்டையான செப்பு உறை. காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே சில துளி நீர் விட்டு மூடியிருப்பார்கள். காற்று இல்லாததால் 40 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகும். சிப்பின் மேல் எழும் ஆவி, குளிர்ந்த ஓரங்களுக்குப் பாய்ந்து, வெப்பத்தை இறக்கிவிட்டு மீண்டும் நீராகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உட்புறச் செப்பு வலை அந்த நீரைச் சிப்புக்கே இழுத்து வருகிறது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் அது வெப்பத்தைப் பரப்புகிறதே தவிர, வெளியேற்றுவதில்லை. டீசல் எஞ்சினில் ரேடியேட்டரோடு பெரிய விசிறியும் உண்டு. சாதாரணக் கைபேசியில் வெறும் மேல்தோல்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம் என்றால் இருபுறமும் சேர்த்து 240 சதுர செ.மீ. அசையாத காற்றில் இந்தப் பரப்பு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய கால் வாட் வெப்பத்தை விடும். கை தாங்கும் சூடு 43 டிகிரி என்று கொண்டால், 28 டிகிரி அறையில் 3.6 வாட் வரை வெளியேறலாம். 38 டிகிரி அறையில் 1.2 வாட்தான்! வீடியோ அழைப்பிலோ கேமரா, திரை, ரேடியோ, படத்தைச் சுருக்கி விரிக்கும் சிப் எல்லாம் ஓயாமல் வேலை செய்வதால் 3 வாட் சுலபமாக ஆகிவிடும். சிக்னல் பலவீனமானால் இன்னும் ஏறும். வெளியேற வழியில்லாதபோது கைபேசி தானே திரையை மங்கவைத்து, சிப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இதில் மெலிவு என்ன செய்கிறது? பரப்பு குறைவதில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் சூட்டை உள்வாங்கும் தாக்குப்பிடிப்பு குறைந்து, சீக்கிரமே எல்லையைத் தொடுகிறது. சிப்பும் பின்மூடிக்கு மிக அருகில் இருக்கிறது. கேமரா பக்கம் மட்டும் சுட்டு, கீழே வெதுவெதுப்பாக இருந்தால் வெப்பம் சரியாகப் பரவவில்லை என்று பொருள். அந்தக் குறைக்கு வேப்பர் சேம்பர் நல்ல மருந்து. முழுவதுமே சீராகச் சுட்டால் அது ஏற்கெனவே பரவிவிட்டது, வெளியே போக இடமில்லை. எங்கள் கைபேசி இரண்டாம் ரகம்.

மனைவி அதைச் சார்ஜரில் மாட்டி, தலையணையில் சாய்த்துப் பேசியிருந்தாள். ஒருபுறம் அடைபட்டால் பரப்பில் பாதி போயிற்று. சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் சூடு வேறு. சார்ஜரையும் தடித்த உறையையும் கழற்றி, பித்தளைச் சொம்பில் சாய்த்து, மேசை விசிறியைத் திருப்பிவைத்தேன். அழைப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றினோம். (குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பேரன் கேட்டான். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், வேண்டாம் என்றேன்.) அடுத்த ஞாயிறு அக்காவும் தங்கையும் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். காப்பி எனக்குத்தான் தாமதமாயிற்று.