மூடியைத் திருகுமுன் காற்றை உள்ளே விடுங்கள்

புது ஜாம் பாட்டிலின் தகர மூடி அசைய மறுத்தால் பெரும்பாலோர் இன்னும் இறுக்கிப் பிடித்துத் திருகுகிறார்கள். மணிக்கட்டு வலிப்பதுதான் மிச்சம். மூடியைப் பிடித்து வைத்திருப்பது மரை மட்டுமல்ல. பாட்டிலுக்கு வெளியே இருக்கும் காற்றும்தான்.

ஜாமைச் சுடச்சுட, ஏறத்தாழ 85 டிகிரி சூட்டில் நிரப்பி உடனே மூடிவிடுகிறார்கள். மேலே மிஞ்சிய இடத்தில் நீராவி இருக்கும். ஆறியதும் அது நீராகிவிடுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கத் தொடங்குகிறது. மூடியின் நடுவில் தெரியும் சிறு பள்ளம் அதனால் வருவதுதான். 63 மில்லிமீட்டர் அகலமுள்ள மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதில் பாதி என்றால், அதன்மேல் சுமார் 16 கிலோ பாரம் உட்கார்ந்திருக்கிறது. மூடிக்குள் இருக்கும் மெத்தென்ற வளையம் அந்தப் பாரத்தில் கண்ணாடி விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே முதல் வேலை திருகுவது அல்ல, காற்றை உள்ளே விடுவது. மேசையில் துண்டை விரித்துப் பாட்டிலை வையுங்கள். மூடியின் கீழ் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஸ்பூனின் தட்டையான முனையை நுழைத்து, விளிம்பை மெதுவாக வெளிப்பக்கம் நெம்புங்கள். மூடிக்குள் மரையைக் கவ்வும் சிறு மடிப்புகள் உண்டு. ஸ்பூன் அதில் இடித்தால் அரை அங்குலம் தள்ளி முயலுங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்து நடுப்பள்ளம் மேலெழும்பினால் போதும், பிறகு மூடி சுலபமாகச் சுழலும். கத்தி மட்டும் வேண்டாம். அது வழுக்கினால் கையைக் கிழிக்கும், நுனி உடைந்தால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் விரிசல் விடும். அதற்கு வெந்நீரே நல்லது. பாட்டிலைக் கவிழ்த்து, மூடி மட்டும் மூழ்கும்படி இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். சூட்டில் உள்ளே மறுபடி ஆவி உண்டாகி அழுத்தம் கொஞ்சம் ஏறும், வளையமும் இளகும். உலோகம் விரிவதால் திறக்கிறது என்பார்கள். இந்தச் சூட்டில் அந்த விரிவு முடியளவுகூட இராது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை நேராக வெந்நீரில் வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி திடீரென 40 டிகிரி வேறுபாட்டைச் சந்தித்தாலே விரிசல் விடக்கூடும். வெளியே வைத்துக் குளிர் போகவிடுங்கள்.

ஏற்கெனவே திறந்து பயன்படுத்திய பாட்டில் என்றால் காரணம் வேறு. மரையில் காய்ந்த சர்க்கரைதான் பிடித்திருக்கும். அங்கே ஸ்பூனால் பயனில்லை, வெந்நீர் அதைக் கரைத்துவிடும்.

புதுப் பாட்டிலின் மூடி நடுவில் உப்பியிருந்தாலோ, திறக்கும்போது உள்ளிருப்பது பீறிட்டாலோ ருசிகூடப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். நெம்பித் திறந்தால் கண்ணாடி விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலும் அது ஜாமுக்குள் விழுந்திருக்கும், மேலோட்டமாக வழித்தெடுத்துச் சாப்பிட முடியாது.