நெஞ்சில் பாறாங்கல்: ஒரு கதை மருத்துவக் குறிப்பாகும் விதம்

“அஞ்சு நாளா கேஸ் தொல்ல டாக்டரம்மா. மக வளைகாப்புல பலகாரம் கொஞ்சம் கூடுதலாத் தின்னுட்டேன், அதுலேர்ந்துதான். அன்னிக்கு தண்ணிக் குடத்த மாடிக்குத் தூக்கிட்டுப் போறேன், நெஞ்சுல பாறாங்கல்ல வச்ச மாதிரி ஆயிடுச்சு. படியிலயே உக்காந்துட்டேன். பத்து நிமிஷத்துல சரியாப் போச்சு. ஓமத் தண்ணி குடிச்சேன். வளைகாப்பு அலைச்சல்ல ரெண்டு வாரமா சுகர் மாத்திரகூடப் போடல. இன்னிக்குக் காலைல பாத்திரம் தேய்க்கறப்பவே வந்துடுச்சு, இடது தோள் வரைக்கும் இழுக்குது. எங்கண்ணனும் இப்படித்தான் கேஸு கேஸுன்னு சொல்லிட்டிருந்தாரு, நாப்பத்தெட்டு வயசுல போயிட்டாரு...”

சிறிய ஊர் ஒன்றின் கிளினிக்கில், 56 வயதுப் பெண் ஒருவர் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காகச் சொல்வதுதான். ஆனால் எந்த டாக்டரைக் கேட்டாலும், இதே கதையை வேறு வேறு குரல்களில் கேட்டிருப்பதாகச் சொல்வார்.

கதை அவருக்குத் தோன்றிய வரிசையில் வருகிறது. பலகாரத்தில் தொடங்கி, மாத்திரை வழியாக அண்ணனிடம் போய் நிற்கிறது. அவரை அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு இந்த வரிசை உதவாது. அவருக்காகத்தான் இதை நான்கு தலைப்புகளில் மாற்றி எழுதுகிறார்கள்: சப்ஜெக்டிவ், அப்ஜெக்டிவ், அசெஸ்மென்ட், பிளான். நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, மருத்துவர் நினைப்பது, செய்யப்போவது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சோப் நோட்’ என்பார்கள். நோயாளியின் பிரச்சினைகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்தொடரும் பதிவு முறையை முன்வைத்த அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் தந்த வடிவம் இது. 1968-ல் வெளியான அவருடைய கட்டுரை மூலம் அந்த முறை பரவலானது.

அவர் சொன்னது

முதல் தலைப்பில் டாக்டர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘5 நாளாக நெஞ்சின் நடுவில் பாரம், “பாறாங்கல் வைத்த மாதிரி”. குடம் தூக்கிப் படி ஏறும்போது முதலில் வந்தது. உட்கார்ந்ததும் 10 நிமிடத்தில் நின்றது. இன்று காலை பாத்திரம் தேய்க்கும்போதே வந்தது, இடது தோளுக்குப் பரவியது. இப்போது வலி இல்லை. “கேஸ்” என்று நினைக்கிறார். சாப்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. சர்க்கரை நோய் உண்டு, குடும்ப விசேஷ வேலையில் 2 வாரமாக மெட்ஃபார்மின் எடுக்கவில்லை. அண்ணன் 48 வயதில் இறப்பு, காரணம் உறுதியில்லை.’

‘கேஸ்’ என்ற சொல் மேற்கோளுக்குள் நிற்கிறது. அது நோயாளியின் கணிப்பு. மேற்கோள் இல்லாமல் ‘5 நாளாக வாயுத் தொல்லை’ என்று எழுதிவிட்டால், ஒரு யூகம் நோய்க்குறியாக வேடம் போட்டுக்கொண்டு அடுத்த மருத்துவரிடம் போய்ச் சேரும்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். அவசரத்தில் ‘மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்’ என்று எழுதினால், அது ஒரு தீர்ப்பாக மட்டுமே நிற்கும். எந்த மாத்திரை, எத்தனை நாளாக, எதனால் என்று எழுதினால் அடுத்தவருக்கு அது தகவல். அந்தத் தகவல் வளைகாப்புக் கதைக்குள் ஒளிந்திருந்தது. ‘விசேஷத்தை விடுங்கம்மா, வலியைச் சொல்லுங்க’ என்று இடையில் வெட்டியிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

டாக்டர் கண்டது

இரண்டாவது தலைப்பில் இன்று பரிசோதித்ததும் அளந்ததும் மட்டும் வரும். ரத்த அழுத்தம் 160/96. நாடி நிமிடத்துக்கு 92, சீராக இருக்கிறது. விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை 268. நெஞ்சை அழுத்தினால் வலி வரவில்லை. வலியில்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜியில் மாற்றம் ஏதும் இல்லை.

எது எங்கே போகும் என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ‘போன மாசம் மெடிக்கல்ல பாத்தப்ப பிரஷர் நார்மல்னாங்க’ என்று அவர் சொன்னால், அதில் அளவு இருந்தாலும் அது முதல் தலைப்புக்குத்தான் போகும். அந்தச் சீட்டையே மேஜையில் எடுத்து வைத்தால் இரண்டாவதற்கு. வலி வரவில்லை, மாற்றம் இல்லை என்ற இல்லைகளையும் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால், பார்த்தும் இல்லையா அல்லது பார்க்கவே இல்லையா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

நினைப்பது

மூன்றாவது தலைப்பில்தான் டாக்டர் தன் கருத்தைச் சொல்லலாம். பிரச்சினைகளை எண்ணிட்டு எழுதுகிறார்.

‘1. உழைக்கும்போது வந்து, ஓய்வில் அடங்கும் நெஞ்சு பாரம். 5 நாளில் குறைந்த வேலைக்கே வரத் தொடங்கியிருக்கிறது. இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும் நிலையற்ற ஆஞ்சைனா என்று சந்தேகம். வலியில்லாத நேரத்து ஈசிஜி சரியாக இருப்பதால் இதை விலக்க முடியாது. நெஞ்செரிச்சலாக இருக்கும் வாய்ப்பு குறைவு: வலி சாப்பாட்டோடு வரவில்லை, உழைப்போடு வருகிறது. 2. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, மாத்திரை நின்றிருக்கிறது. 3. ரத்த அழுத்தம் இன்று கூடுதல். முன்பு நோய் என்று சொல்லப்படவில்லை. ஒரே அளவீட்டை வைத்து முடிவு செய்யவில்லை.’

வெறும் ‘ஆஞ்சைனா’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், படிப்பவர் நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம். ஏன் அப்படி நினைத்தார் என்பது எழுதியிருந்தால்தான் அதைச் சரிபார்க்க முடியும்.

செய்யப்போவது

நான்காவது தலைப்பில் அதே எண்கள் திரும்ப வரும். ஒன்றுக்கு: ஆஸ்பிரின் மென்று விழுங்கக் கொடுக்க வேண்டும், நடக்க விடாமல் 108-ல் இதய சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு இன்றே அனுப்ப வேண்டும், அங்கே ஈசிஜியைத் திரும்ப எடுத்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்யும்படி கேட்க வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும்: அங்கே மறுபடி அளந்து, மருந்தை அவர்கள் முடிவு செய்யட்டும். கடைசியாக, அம்மாவிடமும் மகனிடமும் என்ன சொல்லப்பட்டது என்று ஒரு வரி.

‘ஆஸ்பிரின்’ என்று எழுதியதும் டாக்டரின் பேனா நிற்கிறது. வயிற்றுப்புண்ணோ ரத்தக்கசிவோ இருப்பவருக்கு அதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் தலைப்பைத் திரும்பிப் பார்க்கிறார். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்கவே மறந்திருக்கிறார்.

“ஏம்மா, உங்களுக்கு அல்சர் இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? மலம் தார் மாதிரி கறுப்பாப் போனதுண்டா? எந்த மாத்திரையாவது ஒத்துக்காமப் போயிருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. கேஸுதான்.”

டாக்டர் மேலே போய், முதல் தலைப்பின் கீழ் எழுதுகிறார்: ‘வயிற்றுப்புண், கறுப்பு மலம், மருந்து ஒவ்வாமை இல்லை என்கிறார்.’ பிறகுதான் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

குறிப்பு மேலிருந்து கீழாகப் படிப்பதற்கு. எழுதுகிறவரோ இப்படி மேலும் கீழும் போய் வருகிறார். நாலாவது கட்டத்தை நிரப்பும்போது முதல் கட்டத்தின் ஓட்டை தெரிகிறது. நான்கையும் ஒரே பத்தியாகக் குழைத்து எழுதியிருந்தால் அந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்காது.

மாலையில் மருத்துவமனையில் இந்தத் தாளைக் கையில் வாங்கும் மருத்துவர், மூன்றாவது தலைப்பை ஏற்காமலும் போகலாம். அவர் எடுக்கும் ஈசிஜி வேறு எதையாவது காட்டலாம். அப்போதும் பாறாங்கல், படி, பாத்திரம், தோள் எல்லாம் முதல் தலைப்பில் அந்த அம்மா சொன்னபடியே இருக்கும். அவர் அங்கிருந்து தொடங்கலாம்.