அழித்த படம் அழிந்ததா?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் இன்று நாம் இணையத்தில் போடும் குடும்பப் படங்களுக்கு அளவுமில்லை, கணக்குமில்லை. மங்கிப்போன தாத்தா பாட்டியின் திருமணப் படத்தைத் துலக்கவும், தங்கையின் முகத்தைச் சித்திரமாக மாற்றவும் பல செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிடம் கொடுத்த படம் பிறகு என்ன ஆகிறது?

ஸ்டூடியோவில் திருத்தக் கொடுத்த படத்தை, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் நாம் அனுப்புவதோ ஒரு நகல். அது நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, அங்கே திருத்தப்பட்டு, வேறொரு நகலாக நம்மிடம் வருகிறது. அனுப்பிய நகல் அங்கேயே தங்கிவிடுகிறது. அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அவர்கள் கையில். முகத்தை முதியவராக மாற்றிக் காட்டும் 'ஃபேஸ்ஆப்' நிறுவனம், பெரும்பாலான படங்களை 48 மணி நேரத்தில் அழித்துவிடுவதாக 2019இல் கூறியது. 'பெரும்பாலான' என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழியரே! 'எல்லாம்' என்று அது சொல்லவில்லை.

முகம் எவ்வாறு வேறு வேலைக்குப் பயன்படுகிறது என்பதற்கு அமெரிக்காவின் 'எவர்' என்ற செயலி சான்றாகும். குடும்பப் படங்களைச் சேமித்து ஒழுங்குபடுத்துவதே அதன் பணியாக இருந்தது. ஆனால் அந்நிறுவனம், மக்கள் அனுப்பிய படங்களிலிருந்து லட்சக்கணக்கான முகங்களைப் பிரித்தெடுத்து, முகத்தை அடையாளம் காணும் மென்பொருளுக்குப் பயிற்சி அளித்தது. அந்த மென்பொருளைப் பிற நிறுவனங்களுக்கு விற்க முன்வந்தது. கணக்கை மூடினால் படங்கள் அழிக்கப்படும் என்று வாக்களித்திருந்தும், 2019 அக்டோபர் வரை அவற்றை அழிக்கவில்லை.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதைக் கண்டித்து 2021இல் ஆணை பிறப்பித்தது. கணக்கை மூடியவர்களின் படங்களை மட்டுமன்றி, அப்படங்களால் உருவான மென்பொருளையும் அழிக்கச் சொன்னது. இதற்குக் காரணம் உண்டு. பயிற்சியின்போது முகங்களின் அமைப்பு எண்களாக மாறி மென்பொருளில் கலந்துவிடுகிறது. சாறு பிழிந்த பின் சக்கையை எறிந்தால் சாறு போய்விடுமா? அதுபோலவே, படத்தை மட்டும் அழிப்பதால் அதனிடம் மென்பொருள் கற்றது மறைந்துவிடுவதில்லை.

ஆகவே, படத்தை அனுப்புமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம். கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு படத்தைத் திருத்திப் பாருங்கள். திருத்தம் நடக்காவிட்டால், அந்த வேலைக்குப் படம் வெளியே செல்கிறது என்று கொள்ளலாம். நடந்தால் திருத்தம் கைப்பேசியிலேயே நிகழ்கிறது. எனினும் இணைப்பு வந்தபின் படம் அனுப்பப்படாது என்பதற்கு அது உறுதியல்ல. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதால் சர்வரில் உள்ள படம் நீங்காது. முதலில் உள்ளே சென்று படங்களையும் கணக்கையும் அழிக்கக் கோரிய பின்னரே செயலியை நீக்க வேண்டும்.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். தங்கையின் முகத்தை மாற்ற இயலுமா?