ஏறியதை விற்று இறங்கியதை வாங்கினால் லாபம் கூடுமா?

மதுரையில் சேமிப்பு என்றதும் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகள்தான் நினைவுக்கு வரும். தங்கம் விலை ஏறிவிட்டது என்பதற்காக வளையலைக் கொஞ்சம் விற்று, இறங்கியதும் திரும்ப வாங்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் போனிலேயே பிட்காயின் வாங்கும் இன்றைய இளைஞர்களிடம் இந்த எச்சரிக்கை குறைவு. "ரீபேலன்ஸ் பண்ணினால் கூடுதல் வருமானம்" என்று யாராவது சொன்னால் உடனே செய்து பார்க்கிறார்கள். அந்தக் கூடுதல் வருமானம் எங்கிருந்து வருகிறது, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இங்கே நாம் பார்ப்பது ஸ்பாட் மட்டும், அதாவது கடனும் ஃபியூச்சர்ஸும் இல்லாமல், முழுப் பணம் கொடுத்து நாணயத்தையே வாங்கி வைத்துக்கொள்வது. கே.கே. நகரில் இருக்கும் ஒருவர் ஒரு லட்சம் ரூபாயில் 50,000-க்கு பிட்காயின் வாங்கி, மீதி 50,000-ஐ ரூபாயாகவே வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி என்பது அவர் வைத்த இலக்கு. விலை நகரும்போது இந்த விகிதம் கலையும். கலைந்ததை வாங்கியோ விற்றோ பழைய விகிதத்துக்குக் கொண்டுவருவதுதான் ரீபேலன்ஸ்.

இதிலிருந்து லாபம் வரக்கூடும் என்பதை மிக எளிதாக விளக்கியவர் தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன். 1960-களில் எம்ஐடி-யில் பேசும்போது இதைச் சொன்னார். நம்முடைய எண்களில் பார்க்கலாம். பிட்காயின் முதலில் இரட்டிப்பாகிறது, பிறகு பாதியாகிப் பழைய விலைக்கே வருகிறது. சும்மா வைத்திருந்தவரிடம் அதே ஒரு லட்சம்தான் இருக்கும். நம்மவர் அப்படி விடவில்லை. இரட்டிப்பானபோது அவரிடம் பிட்காயினாக ஒரு லட்சம், ரூபாயாக 50,000. இருபக்கமும் 75,000 ஆகும்படி 25,000-க்கு விற்றார். பிறகு விலை பாதியானதும் பிட்காயின் 37,500, ரூபாய் 75,000, மொத்தம் 1,12,500. விலை கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது, ஆனாலும் 12,500 கூடியிருக்கிறது. முதலில் பாதியாகி, பிறகு இரட்டிப்பானாலும் இதே 1,12,500-தான் வரும்.

பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விலைக்கு இன்னும் இரண்டு பாதைகள் உண்டு. இரண்டு முறையும் இரட்டிப்பானால் சும்மா இருந்தவருக்கு 2,50,000. ரீபேலன்ஸ் செய்தவருக்கு 2,25,000. இரண்டு முறையும் பாதியானால் சும்மா இருந்தவரிடம் 62,500. ரீபேலன்ஸ் செய்தவரிடம் 56,250. ஏறிக்கொண்டே போனதில் சீக்கிரம் விற்றார், இறங்கிக்கொண்டே போனதில் மேலும் மேலும் வாங்கினார். நான்கு பாதைக்கும் சராசரி எடுத்தால் சும்மா இருந்தவருக்கு 1,28,125, ரீபேலன்ஸ் செய்தவருக்கு 1,26,562. சராசரியில் ரீபேலன்ஸ்தான் சற்றுப் பின்தங்குகிறது. அது தரும் பலன் வேறு: விலை சுற்றிச் சுற்றி வரும் நடுவான பாதைகளில் பணம் கூடுகிறது, ஒரே பக்கமாக ஓடும் பாதைகளில் அதற்கான விலையைக் கொடுக்கிறோம். இதைக் கூடுதல் லாபம் என்பதைவிட, ஒரு வகை லாபத்தை இன்னொரு வகைக்கு மாற்றிக்கொள்வது என்பதே சரி.

இறங்கும் பாதையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஐந்து முறை தொடர்ந்து பாதியாகும் நாணயம் ஒன்று. சும்மா இருந்தவரின் 50,000 ரூபாய் பத்திரமாக இருக்கும், நாணயத்தில் 1,562 மிஞ்சும். ரீபேலன்ஸ் செய்தவர் ஒவ்வொரு சுற்றிலும் கால் பங்கை இழந்து, மொத்தமாகச் சுமார் 23,700-ல் நிற்பார். இது வெறும் கற்பனை இல்லை. 2022 மே மாதம் லூனா நாணயம் சில நாட்களுக்குள் ஏறக்குறைய மதிப்பே இல்லாமல் போனது. அதை இலக்கு விகிதத்தில் வைத்தே தீருவேன் என்று தானியங்கி முறையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், நல்ல பணத்தையும் அதற்குள் கொட்டினார்கள். திரும்பி ஏறும் என்று நம்பக் காரணம் இருக்கும் பொருளில் மட்டுமே இந்த முறைக்கு இடம் உண்டு.

இதற்கு மேல் வரி இருக்கிறது. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் இதே விகிதம்தான். அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ்-ஆகவும் பிடிக்கிறார்கள். நம்மவர் விற்ற 25,000-க்கு வாங்கிய விலை 12,500. லாபம் 12,500, அதற்கு வரி 3,900. ரீபேலன்ஸில் கூடிய தொகையும் அதே 12,500 என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒருமுறை ஏறி, விற்றபின் விலை பழைய இடத்துக்கே திரும்பும்போது கூடுகிற தொகையும் வரிக்குரிய லாபமும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே அதில் 31.2 சதவீதம் நேராகப் போய்விடும். சும்மா இருந்தவர் எதையும் விற்காததால் அவருக்கு வரி இல்லை. எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் இது போக. டிடிஎஸ் தொகையைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

பிட்காயினோடு ஈதரும் வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் கடினம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கினாலும் சட்டப்படி அது விற்பனைதான். கிரிப்டோ நஷ்டத்தை எந்த லாபத்தோடும் கழிக்க முடியாது. ஒரே ஆண்டு ரீபேலன்ஸில் பிட்காயின் விற்றதில் 10,000 லாபமும், உச்ச விலையில் வாங்கிய ஈதரை விற்றதில் 8,000 நஷ்டமும் வந்தால், உண்மையில் கிடைத்தது 2,000; வரியோ 3,120. லாபம் பார்த்தும் 1,120 கைநஷ்டம்.

தங்க ஈடிஎஃப், நிஃப்டி ஈடிஎஃப் என்று வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீத வரிதான், நஷ்டத்தைக் கழிக்கவும் முடியும். ஆனால் அங்கே கூடுதலும் சிறியது. பாதிக்குப் பாதி வைக்கும்போது ஆண்டுக்குக் கூடுவது, ஏற்றஇறக்க அளவின் வர்க்கத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆண்டு ஏற்றஇறக்கம் 60 சதவீதமாக இருக்கும் ஒன்றும் ரொக்கமும் வைத்திருந்தால் இது 4.5 சதவீதம், 15 சதவீதமாக இருந்தால் கால் சதவீதத்தைச் சற்றே தாண்டும். அது கட்டணத்திலேயே கரைந்துவிடலாம்.

அப்படியானால் விகிதத்தைக் கலையவே விட்டுவிடலாமா? கூடாது. ஏறிய பிட்காயின் மொத்தச் சேமிப்பில் எண்பது சதவீதம் ஆகிவிட்டால், அடுத்த சரிவில் வீட்டுச் செலவே ஆட்டம் காணும். அபாயத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் ரீபேலன்ஸின் உண்மையான வேலை. அதைக் குறைந்த செலவில் செய்ய வழி உண்டு. சிறிய தொகை வைத்திருப்பவருக்கு மாதச் சேமிப்பே பெரிய கருவி. 5,000 ரூபாய் புதிதாகச் சேர்க்கும்போது, எந்தப் பக்கம் குறைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் போட்டால் போதும். விற்பனை இல்லை, வரி இல்லை. பிட்காயின் ஒரு லட்சம், ரூபாய் 50,000 என்று கலைந்த நம்மவரின் கணக்கு, விலை அசையாமல் இருந்தால் பத்தே மாதத்தில் சமமாகிவிடும். மாதச் சேமிப்பைப் போட்டும், 50 சதவீதம் இருக்க வேண்டிய பிட்காயின் 60-க்கு மேலேயே நின்றால் மட்டும் விற்கலாம். மாதம் பிறந்தால் விற்பது, வாரம் பிறந்தால் விற்பது என்று காலண்டர் பார்த்துச் செய்வது வருமான வரித் துறைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும்தான் நிச்சய வருமானம்.

அடுத்த முறை விற்கும் பொத்தானை அழுத்தும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதுங்கள்: விற்கப்போகும் தொகை, அதை வாங்கிய விலை, வித்தியாசத்தில் 31.2 சதவீதம். அந்த வரியைக் கட்டியாவது அபாயத்தைக் குறைக்க வேண்டும் என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். கூடுதல் வருமானத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.