மாசிப் பனியில் புழுதி கிளம்புமா?

சங்கரன்கோவில் பக்கம் ஒரு செவக்காடு. மாசி மாதம், விடிகாலை. டிராக்டர் ஏஜென்சி ஒன்றின் விளம்பரத் தாளுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். அவர்கள் கேட்டது மூன்றே விஷயம்: உதய வெளிச்சம், உழுதுகொண்டு போகும் டிராக்டர், பின்னால் பொன்னிறப் புழுதி. ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கி டிரைவர் ஒரு சால் ஓட்டினார். மண் புரண்டது. புழுதி மட்டும் ஒரு பிடிகூட எழவில்லை.

“பனி ஈரத்துல எப்படி அண்ணாச்சி கிளம்பும்? முந்தாநாளே உழுது காயப் போட்டிருக்கணும்லா” என்றார் டிரைவர். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைய நாள் வீண்.

காலையில்தான் வெளிச்சம் அழகு; அதே காலையில்தான் மண்ணின் மேல்தோல் நனைந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்க்க ஒரே வழி, முன்கூட்டியே நிலத்தைத் தயார் செய்வதுதான். இரண்டு நாள் முன்பு நல்ல வெயிலில் உழுது, மறுநாள் ரோட்டவேட்டர் விட்டுக் கட்டிகளைப் பொடியாக்கினோம். டிராக்டர் கேமராவைக் கடக்கும் முப்பது அடி நீளத்துக்கு மட்டும் ராத்திரி தார்ப்பாய் விரித்தோம். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மண்ணில்தான் பனி இறங்கும். மூடிய மண் காய்ந்தபடியே இருக்கும். விடிந்ததும் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு ஓட்டினால், மாவு போலப் புழுதி.

அதற்குப் பிறகும் ஆசை விடாது. இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னால் இன்னும் புழுதி வருமே என்று தோன்றும். அங்கேதான் படம் பொய்யாகிறது. கலப்பை மண்ணில் இருக்கும்போது டிராக்டர் போவது மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர், மனுஷன் எட்டி நடக்கும் வேகம். புழுதி கொத்துகளுக்குப் பின்னாலும் பின்சக்கரங்களைச் சுற்றியும்தான் எழும். காற்றில்லாத காலையில் அது உயரப் போகாமல் முழங்கால், இடுப்பு மட்டத்தில் தவழும். பானெட்டுக்கு முன்னால் புழுதி மேகம் தெரிந்தால், அது கம்ப்யூட்டரில் ஒட்டியது. கார் பந்தயம் போல இருபதடி உயரம் எழுந்தால், கலப்பையைத் தூக்கிக்கொண்டு சும்மா ஓட்டியிருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலேறுகிறது. அங்கே மாசியில் 6.35 வாக்கில் உதயம். 6.55க்கு ஏழடி உயர டிராக்டரின் நிழல் சுமார் எண்பது அடி நீளும், 7.15க்கு அது நாற்பதாகிவிடும். அந்த இருபது நிமிஷத்துக்குள் நான்கைந்து ஓட்டம், அவ்வளவுதான். கேமரா ஓரளவு எதிர்வெயிலில் இருக்க வேண்டும். சூரியன் புழுதிக்குப் பின்னால் இருந்தால்தான் துகள்கள் ஒளிரும். நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே புழுதி வெறும் அழுக்காகத் தெரியும்.

இனி அளவு. என் தொழிலில் அதிகம் ஏமாற்றுவது இதில்தான். சின்ன டிராக்டரைப் பெரிதாகக் காட்ட, அகல லென்ஸை மாட்டிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து எடுப்பார்கள். 45 குதிரைத்திறன் கொண்ட சாதாரண இருசக்கர இழுவை வண்டியில் பின்சக்கரம் சுமார் நாலரை அடி, முன்சக்கரம் இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது முன்னது பின்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கேமராவிலிருந்து முன்சக்கரம் பத்தடி, பின்சக்கரம் பதினாறடி தூரத்தில் இருக்கும்படி சாய்வாக எடுத்தால், படத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தின் 85 சதவீதம் உயரத்துக்கு வந்துவிடும். பார்ப்பவர் அதை நான்கு சக்கர இழுவை வண்டி என்று நினைத்தாலும் தப்பில்லை. அதையே 55 அடி தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் 60 சதவீதம்தான் வரும். கண் பார்க்கும் அளவும் அதுதான். நாங்கள் 100 மில்லிமீட்டர் லென்ஸில், இடுப்பு உயரத்தில் வைத்து எடுத்தோம்.

ஏஜென்சிக்காரர் முதலில் முகம் சுளித்தார். வண்டி சின்னதாகத் தெரிகிறதாம். பக்கத்தில் டிரைவரை இறங்கி நிற்கச் சொன்னேன். ஐந்தரை அடி ஆள். பின்டயர் அவர் தோளைத் தொட்டது. படத்தைப் பார்த்த பிறகு அவர் அதையே இரண்டாம் பக்கத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் எங்களிடமிருந்து தப்பியது. ஷோரூமிலிருந்து நேரே வந்த புது வண்டி. முதல் ஓட்டத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, முன்டயரில் முளை முளையாக ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. மண்ணே காணாத டயர் என்று அதுவே சொல்லிவிடும். நான்காவது ஓட்டத்துப் படத்தில் டயரெல்லாம் செம்மண் அப்பியிருந்தது; அச்சுக்குப் போனது அதுதான்.

விளம்பரப் படம் எடுக்கச் சொல்லும் ஏஜென்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கேமராக்காரர் கூலியோடு, முந்தைய இரண்டு நாள் உழவுக் கூலியையும் தார்ப்பாய் வாடகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.