உப்புநீரில் உடையும் உருண்டை அணுக்கள்

சிவப்பணு நடுவில் குழிந்த தட்டு போன்றது. அதன் உறைக்கு உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலையாக விரிந்திருக்கிறது. அன்கைரின் போன்ற புரதங்கள் அந்த வலையை உறையோடு பிணைக்கின்றன. பரம்பரைக் கோள அணு நோயில் இந்தக் கட்டமைப்பு பிறவியிலேயே பலவீனமாக இருக்கிறது. பிடிமானம் இல்லாத இடங்களில் உறை துணுக்குத் துணுக்காக உதிர்கிறது. உறை குறையக் குறைய, அணு உருண்டையாகிவிடும். அது மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் சிக்கி அழிவதால் ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வருகின்றன.

இதைக் கண்டறியும் சோதனை எளிது. 0.9 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக உப்பைக் குறைத்த கரைசல்களைச் சோதனைக் குழாய்களில் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் சிறிது ரத்தம் விடுவார்கள். உப்பு குறைந்தால் தண்ணீர் அணுவுக்குள் புகும். இயல்பான அணுவுக்கு உப்ப இடமுண்டு, ஏறக்குறைய 0.5 சதவீதத்தில்தான் உடையத் தொடங்கும். உருண்டை அணுவோ 0.6 சதவீதத்துக்கு மேலேயே உடைந்து, கரைசலைச் சிவக்கவைக்கும். லேசான நோய் இதில் தப்பிவிடலாம். அதனால் ரத்தத்தை 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்தும் சோதிப்பார்கள்.

எதிர்ப்பொருள்கள் தாக்கினாலும் சிவப்பணு உருண்டையாகி, இதே முடிவைக் காட்டும். ஆகவே கூம்ஸ் சோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று பார்த்து, குடும்ப வரலாற்றையும் விசாரித்த பிறகே மருத்துவர் இதைப் பரம்பரை நோய் என்பார்.